பில்லிங் தொடுதிரையில் விரல் ஓரிடம், விழுவது வேறிடம்: கண்ணாடியை மாற்றும் முன் செய்ய வேண்டியவை

கல்லாவில் இருக்கும் தொடுதிரையில் இட்லியைத் தொட்டால் தோசை விழுகிறது. காபியைத் தொட்டால் டீ விழுகிறது. ஆனால் நடுவில் இருக்கும் பூரியும் களியும் சரியாக விழுகின்றன. கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் எங்கள் குடும்பம் நடத்தும் உணவகத்தில் வந்த கோளாறு இதுதான். பார்க்க வந்த சர்வீஸ்காரர் கேலிப்ரேஷன், அதாவது விரல் தொடும் இடத்தையும் திரையில் பதிவாகும் இடத்தையும் பொருத்தும் வேலையைச் செய்துவிட்டுப் போனார். மறுநாள் கோளாறு எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. அடுத்து, கண்ணாடியையே மாற்ற வேண்டும், 6,500 ரூபாய் ஆகும் என்றார்கள். கடைசியில் கண்ணாடி நன்றாகவே இருந்தது என்று தெரிந்தது. திரை அமைப்பில் ஒரு தேர்வை மாற்றி, அவர் செய்த கேலிப்ரேஷனை நீக்கியதும் எல்லாம் சரியானது.

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கடை வைத்திருப்பவர்கள் இதே அலைச்சலுக்கு ஆளாகக் கூடாது என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி எழுதுகிறேன். பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 இயங்கும் பில்லிங் மெஷின்களுக்கானது இது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு பகுதி உண்டு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கேலிப்ரேஷன் ஐந்தாவது படியாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. திரை அமைப்பு தவறாக இருக்கும்போது கேலிப்ரேஷன் செய்தால், அந்தத் தவறு ஒரு கணக்காக மெஷினுக்குள் பதிந்துவிடும். பிறகு ஒன்றுக்கு இரண்டு கோளாறுகளைத் தேட வேண்டியிருக்கும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் ஒரு சாதாரண யூஎஸ்பி மவுசும் கீபோர்டும் வேண்டும். இவை இல்லாமல் இறங்காதீர்கள். தொடுதல் தவறாக விழும் திரையில், தொட்டுத் தொட்டே அமைப்புகளை மாற்றப் போனால் "ஆம்" என்று நினைத்துத் தொட்டது "இல்லை" என்று விழும். மவுஸ் கையில் இருந்தால் வேலை முடியும் வரை கல்லாவையும் அதை வைத்தே ஓட்டலாம், வியாபாரம் நிற்காது.

அடுத்து, மெஷினின் அட்மின் கடவுச்சொல். விற்றவர்கள் பல நேரம் கல்லாக்காரருக்கான சாதாரணப் பயனர் கணக்கை மட்டுமே கொடுத்திருப்பார்கள். கேலிப்ரேஷனைச் சேமிக்க அட்மின் அனுமதி வேண்டும். இல்லையென்றால் போன் செய்து முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பாதி வேலையில் கேட்டால் அவர்கள் ஆள் வந்துதான் செய்ய வேண்டும் என்பார்கள்.

ஆவணங்களில் மூன்று போதும்: மெஷின் வாங்கிய ஜிஎஸ்டி பில், வாரண்டி அட்டை அல்லது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், மெஷினின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் தெளிவான புகைப்படம். ஸ்டிக்கரில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்கும். சமையலறைப் புகையில் அந்த எழுத்துகள் மங்கிவிடுவதால் இன்றே படம் எடுத்து வையுங்கள். சர்வீஸ் கோருவதானால் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

நேரத்தைப் பொறுத்தவரை, எல்லாப் படிகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்கினால் தாராளம். கேலிப்ரேஷன் மட்டும் சில நிமிட வேலைதான். சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரக் கடைகளுக்கு மாலை 3.30க்கும் 5க்கும் இடையே கொஞ்சம் மூச்சு விடலாம். அன்றைய கணக்கை முடித்து, பில்லிங் தரவை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்த பிறகு தொடங்குங்கள்.

2. உங்கள் கண்ணாடி எந்த வகை என்று பாருங்கள்

பேனா மூடியின் பிளாஸ்டிக் முனையால் திரையை மெதுவாக அழுத்துங்கள். வேலை செய்தால் அது அழுத்தத்தை உணரும் ரெசிஸ்டிவ் வகை. மேற்பரப்பு லேசாக அமுங்குவதும் தெரியும். பழைய 15 அங்குல பில்லிங் மெஷின்கள் பலவும் இந்த வகைதான். பேனா மூடிக்கு அசையாமல், விரல் தோலுக்கு மட்டும் வேலை செய்தால் அது கெபாசிடிவ் வகை, அதாவது செல்போனில் இருக்கும் வகை.

இந்தச் சோதனைதான் அடுத்து எதைச் சந்தேகிக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. ரெசிஸ்டிவ் கண்ணாடியில் மேலடுக்கு தேய்வதால், காலப்போக்கில் தொடும் இடத்தின் கணக்கு மெல்ல நகரும். அதற்கு அவ்வப்போது கேலிப்ரேஷன் தேவைப்படுவது இயல்பு. கெபாசிடிவ் கண்ணாடி அப்படி நகர்வது அரிது. நேற்று வரை சரியாக இருந்த கெபாசிடிவ் திரை இன்று காலை விலகித் தொடுகிறது என்றால், திரை அமைப்பு மாறியிருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும்.

வாடிக்கையாளரே தொட்டு ஆர்டர் செய்யும் பெரிய கியோஸ்க்குகளில் சட்டத்தைச் சுற்றி அகச்சிவப்புக் கதிர் ஓடும் மூன்றாவது வகையும் உண்டு. அதில் பேனா, விரல், கையுறை எல்லாமே வேலை செய்யும். கோளாறு வந்தால் முதலில் சட்டத்தின் உள்விளிம்பைத் துடையுங்கள். ஒட்டிய தூசியும் பூச்சியும் நேர் வெயிலும் அதைக் குழப்பிவிடும்.

3. விலகல் எப்படி இருக்கிறது என்று வரைந்து பாருங்கள்

பத்தில் ஒன்பது பேர் தவிர்க்கும் படி இது என்பேன். எல்லாம் தெரிய வருவதும் இங்கேதான்.

பெயிண்ட் செயலியைத் திறந்து முழுத்திரையாக்குங்கள். மவுசால் ஒன்பது சிறிய சிலுவைக் குறிகள் போடுங்கள்: மேலே மூன்று, நடுவே மூன்று, கீழே மூன்று. இப்போது நிறத்தை மாற்றி, ஒவ்வொரு சிலுவையின் மேலும் விரலால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி விழுந்த இடமும் சிலுவையும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன, எந்தப் பக்கம் தள்ளியிருக்கின்றன என்று பாருங்கள். அந்தப் படத்தைச் சேமித்து வையுங்கள். சர்வீஸ்காரரிடம் பேசவும் அது உதவும்.

ஒன்பது புள்ளிகளும் ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளியிருந்தால் அது உண்மையான கேலிப்ரேஷன் கோளாறு. ரெசிஸ்டிவ் திரையில் இதைத்தான் அடிக்கடி பார்ப்பீர்கள்.

நடுவில் சரியாக இருந்து, ஓரம் போகப் போக விலகல் கூடினால் ரிசொல்யூஷனை, அதாவது படம் எத்தனை புள்ளிகளில் காட்டப்படுகிறது என்ற அளவைச் சந்தேகியுங்கள். அதிலும் குறுக்கே மட்டும் விலகி, மேலும் கீழும் சரியாக இருந்தால் கிட்டத்தட்ட உறுதி.

மேலே தொட்டால் கீழேயும், இடப்பக்கம் தொட்டால் வலப்பக்கமும் விழுந்தால், அல்லது குறுக்கே இழுத்தது நெடுக்கே ஓடினால், திரையின் திசை மாறியிருக்கிறது. கியோஸ்க்கை நெட்டுவாக்கில் நிறுத்தும்போது வருவது இது.

தொட்டது இந்தத் திரையில் விழாமல் வாடிக்கையாளர் பக்கத் திரையில் விழுந்தால், தொடுதல் எந்தத் திரைக்கு உரியது என்ற இணைப்பு மாறிவிட்டது.

புள்ளி ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுந்தால், அல்லது யாரும் தொடாமலே புள்ளிகள் விழுந்தால், அமைப்புகளில் எதையும் தொடாமல் நேராக ஏழாம் படிக்குப் போங்கள்.

எங்கள் கடைக் கதையை எண்களோடு சொல்கிறேன், இந்தச் சோதனையின் அருமை புரியும். எங்கள் மெஷினின் திரை 1366×768 புள்ளிகள் கொண்ட அகலத் திரை, கெபாசிடிவ் வகை. வாடிக்கையாளர் தொகையைப் பார்ப்பதற்காகப் பழைய சதுர வாக்கு மானிட்டர் ஒன்றைப் பின்னால் இணைத்திருந்தோம். அந்த மானிட்டரால் 1024×768க்கு மேல் காட்ட முடியாது. மின்வெட்டுக்குப் பின் மெஷின் மீண்டும் இயங்கியபோது, இரண்டு திரைகளிலும் ஒரே படம் தெரியும் அமைப்பு வந்துவிட்டது. இரண்டுக்கும் பொதுவான அளவு வேண்டும் என்பதால், எங்கள் அகலத் திரையும் 1024×768க்கு இறங்கியது. படம் நடுவில் நின்று, இரு ஓரங்களிலும் 171 புள்ளி அகலத்துக்குக் கறுப்புப் பட்டை விழுந்தது.

படம் சுருங்கினாலும் தொடு கண்ணாடி சுருங்கவில்லை. கண்ணாடியின் முழு அகலம்தான் 1024 என்று அது கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. எனவே படத்தின் இடது விளிம்பைத் தொட்டால், அது பூஜ்ஜியம் என்று பதிவாகாமல் 128 என்று பதிவாகும். வலது விளிம்பைத் தொட்டால் 1024 என்று பதிவாகாமல் 896 என்று பதிவாகும். நடுப்புள்ளியான 512 மட்டும் 512 ஆகவே இருக்கும். தொடுவதெல்லாம் நடுவை நோக்கி இழுபடும்.

எங்கள் பில்லிங் பக்கத்தில் குறுக்கே எட்டுப் பொத்தான்கள் உண்டு, ஒவ்வொன்றும் 128 புள்ளி அகலம்: இட்லி, தோசை, பொங்கல், பூரி, களி, பரோட்டா, டீ, காபி. இட்லியின் நடுவில் தொட்டால் 64க்குப் பதில் 176 பதிவாகும், அது தோசை. தோசையைத் தொட்டால் 272, அது பொங்கல். பொங்கலில் தொட்டால் 368, அது பொங்கலேதான். பூரியும் களியும் பரோட்டாவும் சரியாக விழும். டீயைத் தொட்டால் பரோட்டா, காபியைத் தொட்டால் டீ. அன்றைய விற்பனை அறிக்கையில் இட்லியும் காபியும் ஒன்றுகூட விற்கவில்லை என்று வந்தது. காலை உணவுக்குக் கூட்டம் வரும் கடையில் இட்லி விற்பனை பூஜ்ஜியம் என்றால், கல்லாக்காரர் மேல் சந்தேகப்படாமல் திரையைப் பாருங்கள்.

இதை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை உண்டு. இடது ஓரத்தில் இருக்கும் கறுப்புப் பட்டையில் விரலை வையுங்கள். படமே இல்லாத அந்த இடத்தில் தொட்டதும் எங்களுக்கு இட்லி விழுந்தது. கறுப்புப் பட்டை தொடுதலை ஏற்றால், கண்ணாடிக்கும் கேலிப்ரேஷனுக்கும் இதில் சம்பந்தமே இல்லை.

4. திரை அமைப்பைச் சரிசெய்யுங்கள்

மவுசால் Settings → System → Display போங்கள். இரண்டு திரைகள் இருந்தால், மேலே 1, 2 என்று இரு கட்டங்கள் தெரியும். Identify அழுத்தினால் எந்த எண் எந்தத் திரை என்று காட்டும். Multiple displays பகுதியில் Duplicate these displays என்று இருந்தால் Extend these displays என்று மாற்றுங்கள். பிறகு தொடுதிரையின் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, Display resolution பட்டியலில் Recommended என்று குறித்திருக்கும் அளவைக் கொடுங்கள். Make this my main display என்பதையும் தொடுதிரைக்கே கொடுங்கள். Display orientation உங்கள் திரை நிற்கும் விதத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

Extend ஆக்கியதும் வாடிக்கையாளர் பக்கத் திரை வெறும் பின்னணிப் படத்தோடு நிற்கலாம். பில்லிங் மென்பொருளில் வாடிக்கையாளர் திரைக்கான அமைப்பு இருந்தால் அதை இரண்டாம் திரைக்குத் திருப்புங்கள். அந்த வசதியே இல்லாத பழைய மென்பொருள் என்றால் Duplicate இல் தான் ஓட்ட வேண்டியிருக்கும். அப்போது கிராஃபிக்ஸ் அமைப்பில் படத்தை முழுத்திரைக்கும் விரிக்கச் சொல்லுங்கள். பழைய இன்டெல் கட்டுப்பாட்டுப் பலகையில் அது Scale Full Screen என்று இருக்கும். எழுத்துகள் சற்றுக் குண்டாகத் தெரியும், ஆனால் படமும் கண்ணாடியும் ஒரே அகலமாகிவிடுவதால் தொடுதல் சரியாக விழும். அழகு போனாலும் கணக்கு சரியாக இருப்பதுதான் கல்லாவுக்கு முக்கியம்.

இப்போது பெயிண்ட் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சரியாக விழுந்தால் இங்கேயே நிறுத்திவிடலாம். தேவையில்லாமல் கேலிப்ரேஷன் பக்கம் போகாதீர்கள்.

5. பழைய கேலிப்ரேஷனை அழித்து, தேவைப்பட்டால் புதிதாகச் செய்யுங்கள்

விண்டோஸ் விசையையும் R ஐயும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
control /name Microsoft.TabletPCSettings
```

Tablet PC Settings பெட்டி திறக்கும். இரண்டு திரைகள் இருந்து, தொட்டது வேறு திரையில் விழுந்தால் முதலில் Setup அழுத்தி, Touch input என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளைத் திரையில் ஒரு வாசகம் வரும். அந்த வாசகம் தொடுதிரையில் தெரிந்தால் திரையை விரலால் தொடுங்கள். வாடிக்கையாளர் பக்கத் திரையில் தெரிந்தால் எதையும் தொடாமல் கீபோர்டில் Enter அழுத்துங்கள், வாசகம் அடுத்த திரைக்கு நகரும். இதற்கும் கீபோர்டு வேண்டும்.

அடுத்து, Display பட்டியலில் தொடுதிரை தேர்வாகியிருப்பதைப் பார்த்துக்கொண்டு Reset அழுத்துங்கள். முன்பு யாராவது செய்து வைத்த கேலிப்ரேஷன் இதனால் நீங்கும். Reset மங்கலாக இருந்தால் அழிக்க எதுவும் இல்லை என்று பொருள்.

இந்த Reset ஏன் அவசியம் என்பதற்கு எங்கள் கடையே சாட்சி. சர்வீஸ்காரர், கறுப்புப் பட்டை விழுந்திருந்த நிலையிலேயே கேலிப்ரேஷன் செய்தார். நடுவை நோக்கி இழுபட்ட தொடுதல்களை வெளிப்பக்கம் தள்ளும் கணக்கு மெஷினில் பதிந்தது. அந்த நிலையில் எல்லாம் சரியாகவே விழுந்தது, அவரும் பணம் வாங்கிக்கொண்டு கிளம்பினார். மறுநாள் பின் மானிட்டரை இயக்காமல் மெஷினைத் தொடங்கியதும் திரை தானாக 1366×768க்குத் திரும்பியது. கறுப்புப் பட்டை போய்விட்டது, தள்ளும் கணக்கு மட்டும் தங்கிவிட்டது. இப்போது தோசையைத் தொட்டால் இட்லி விழுந்தது. கோளாறு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறினால், பழைய கேலிப்ரேஷன் உள்ளே இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

Reset செய்தும் ஒன்பது புள்ளிகளும் ஒரே அளவு தள்ளியிருந்தால்தான் Calibrate அழுத்த வேண்டும். Touch input கேட்டால் அதைக் கொடுங்கள். திரையில் ஒவ்வொன்றாகச் சிலுவைக் குறிகள் வரும், மொத்தம் பதினாறு. ஒவ்வொன்றின் நடுவிலும் தொட்டு விரலை எடுங்கள். கடைசியில் சேமிக்கவா என்று கேட்கும்போது மவுசால் Yes கொடுங்கள்.

கல்லாக்காரர் எப்படி நிற்பாரோ அல்லது உட்காருவாரோ அதே நிலையிலிருந்து இதைச் செய்ய வேண்டும். கண்ணாடிக்கும் அடியில் உள்ள படத்துக்கும் சிறிது இடைவெளி உண்டு. மேலிருந்து குனிந்து பார்ப்பவருக்கும் நேராக உட்கார்ந்து பார்ப்பவருக்கும் குறி சற்றே வேறு இடத்தில் தெரியும். உயரமான சர்வீஸ்காரர் நின்றபடி செய்துவிட்டுப் போனால், உட்கார்ந்து பில் போடும் பெண்ணுக்கு எப்போதும் ஒரு மயிரிழை தள்ளியே விழும். முடிந்தால் கல்லாக்காரரையே செய்யச் சொல்லுங்கள். ரெசிஸ்டிவ் திரை என்றால் தடித்த விரலுக்குப் பதில் பேனா மூடியின் மழுங்கிய முனையைப் பயன்படுத்தலாம். மை முனையோ சாவியோ வேண்டாம், மேலடுக்கு கீறிவிடும்.

Tablet PC Settings பெட்டியில், இந்தத் திரைக்குத் தொடுதல் வசதியே இல்லை என்ற பொருளில் No pen or touch input is available for this display என்று வந்தால் பதற வேண்டாம். பல பழைய ரெசிஸ்டிவ் மெஷின்களில் தொடுதல், மவுஸ் போலவே கணினிக்குள் செல்கிறது. அவற்றின் கேலிப்ரேஷன், கண்ணாடி உற்பத்தியாளரின் சொந்த மென்பொருளில் இருக்கும். கடிகாரத்துக்கு அருகே உள்ள சிறு படங்களிலோ தொடக்கப் பட்டியலிலோ தேடிப் பாருங்கள். அங்கே நான்கு புள்ளிக் கேலிப்ரேஷன் முதலில் செய்யுங்கள். மூலைகள் சரியாகி நடுவில் மட்டும் வளைந்து விலகினால், அதிகப் புள்ளிகளுடன் வரும் Linearization தேர்வைச் செய்யுங்கள். விண்டோஸ் கேலிப்ரேஷன், உற்பத்தியாளர் கேலிப்ரேஷன் இரண்டும் ஒரே மெஷினில் இருக்கவே கூடாது. ஒன்றின் திருத்தத்தை மற்றது மீண்டும் திருத்தும்.

6. மறுபடி தொடங்கிப் பார்க்காமல் முடிந்தது என்று நினைக்காதீர்கள்

மெஷினை அணைத்து, பின் மானிட்டரையும் இயக்கிய நிலையில் ஒரு முறை தொடங்கிப் பாருங்கள். பிறகு பின் மானிட்டரை அணைத்து வைத்து மீண்டும் தொடங்கிப் பாருங்கள். எந்தத் திரைகள் இணைந்திருக்கின்றனவோ அதற்கேற்ப விண்டோஸ் தனித்தனியாக அமைப்பை நினைவில் வைக்கும். ஒரு நிலையில் சரியாக இருப்பது மற்றதிலும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. இரண்டிலும் பெயிண்ட் சோதனை தேறினால்தான் வேலை முடிந்தது.

மீண்டும் தொடங்கியதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டால், மெஷினில் எழுத்துப் பூட்டு இருக்கலாம். கியோஸ்க்குகளில் யாரும் எதையும் மாற்றாமல் இருக்க, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பழைய நிலைக்குத் திரும்பும்படி செய்திருப்பார்கள். விண்டோஸின் சொந்தப் பூட்டு என்றால், அட்மினாகத் திறந்த கட்டளைத் திரையில் இதைக் கொடுத்து நிலையைப் பாருங்கள்:

```
uwfmgr get-config
```

இயங்கிக்கொண்டிருந்தால் பூட்டை நீக்கி மெஷினை மீண்டும் தொடங்குங்கள்:

```
uwfmgr filter disable
```

கேலிப்ரேஷனை முடித்த பிறகு `uwfmgr filter enable` கொடுத்து மறுபடி தொடங்க மறந்துவிடாதீர்கள். மெஷின் வாடகைக்கோ ஒப்பந்தத்திலோ இருந்தால், உரிமையாளரிடம் சொல்லாமல் இந்தப் பூட்டைத் தொடாதீர்கள்.

தொடுதலுக்கான யூஎஸ்பி கேபிளை எந்தத் துளையில் செருகியிருக்கிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள். வேறு துளைக்கு மாற்றினால் விண்டோஸ் அதைப் புதிய கருவியாக எண்ணி, பழைய இணைப்பையும் கேலிப்ரேஷனையும் விட்டுவிடலாம். துளைக்குப் பக்கத்தில் ஒரு வண்ண டேப் ஒட்டினால் கடை சுத்தம் செய்பவர்கள் மாற்றிச் செருக மாட்டார்கள்.

லினக்ஸ் மெஷின்களில் இரண்டாம் திரை சேர்த்ததும் தொடுதல் இரு திரைகளின் மொத்த அகலத்துக்கும் பரவிவிடுவதுதான் வழக்கமான கோளாறு. இடது ஓரத்தில் சரியாக விழுந்து, வலப்பக்கம் போகப் போக விலகல் கூடி, கடைசியில் அடுத்த திரைக்குத் தாவினால் இதுதான். எக்ஸ் விண்டோ அமைப்பில் முதலில் தொடுகருவியின் எண்ணையும் திரையின் பெயரையும் பார்த்து, பிறகு இரண்டையும் இணையுங்கள்:

```
xinput list
xrandr
xinput map-to-output 10 HDMI-1
```

10, HDMI-1 இரண்டின் இடத்திலும் உங்கள் மெஷின் காட்டுவதைப் போடுங்கள். மறுதொடக்கத்தில் இது அழிந்துவிடும் என்பதால், கடைசி வரியைத் தொடக்கத்தில் இயங்கும் கட்டளைகளோடு சேர்க்க வேண்டும். கருவி எண் சில நேரம் மாறும், எனவே அங்கே எண்ணுக்குப் பதில் கருவியின் முழுப் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்.

7. கண்ணாடியோ மின்சாரமோ காரணம் என்றால்

தொடாமலே தொடுவது, புள்ளி துள்ளுவது, சில நேரம் மட்டும் விலகுவது ஆகியவற்றைக் கேலிப்ரேஷன் தீர்க்காது. கெபாசிடிவ் திரையில் முதலில் அடாப்டரைப் பாருங்கள். மெஷினோடு வந்த அடாப்டர் கெட்டு, கடையில் கிடைத்த ஒன்றை மாட்டிய பிறகு துள்ளல் தொடங்கியதா? அதே வோல்ட், அதே அல்லது அதிக ஆம்பியர் உள்ள நல்ல அடாப்டரை மாட்டிப் பாருங்கள். மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனை ஆக்கி மாட்டியிருந்தால் அதை மாற்றுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்ப்பது நல்லது. கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் ஓடும் அதே லைனில் கல்லா இருந்தால், அவை ஓடும்போது மட்டும் துள்ளுகிறதா என்று கவனியுங்கள்.

ரெசிஸ்டிவ் திரையில் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே சேரும் எண்ணெய்ப் பிசுக்கும் மாவும்தான் முக்கிய எதிரி. அது ஓரத்தை எப்போதும் அழுத்திக்கொண்டே இருப்பதால், வேறெங்கு தொட்டாலும் அந்த ஓரத்தை நோக்கி இழுபடும். மெஷினை அணைத்து, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பில் துணி சுற்றிச் சட்டத்தின் உள்விளிம்பைச் சுத்தம் செய்யுங்கள். துணியைத் திரவத்தில் நனைத்துக்கொள்ளுங்கள், திரவத்தைத் திரையில் நேராகத் தெளிக்காதீர்கள். சட்டத்தின் திருகுகள் இறுக்கமாக முடுக்கப்பட்டிருந்தாலும் இதே கோளாறு வரும்.

இவ்வளவுக்கும் பிறகு கேலிப்ரேஷன் செய்தும், ஒரு பகுதி மட்டும் தொடர்ந்து வளைந்து விழுந்தால், அல்லது கோடு இழுக்கும்போது ஒரே இடத்தில் அறுந்தால் கண்ணாடி தேய்ந்துவிட்டது என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

8. சர்வீஸுக்குக் கொடுப்பதானால்

என்னிடம் வருகைக் கட்டணமாக மட்டும் 700 ரூபாய் கேட்டார்கள், ஜிஎஸ்டி தனி. வாரண்டி காலத்திலும் கேலிப்ரேஷனை மென்பொருள் வேலை என்று சொல்லித் தனிக் கட்டணம் போடுவது உண்டு. எனவே போனிலேயே மூன்றைக் கேட்டு, வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்குங்கள்: வருகைக் கட்டணம் எவ்வளவு, கேலிப்ரேஷன் அதில் சேருமா, சரியாகாவிட்டால் மறு வருகைக்குக் கட்டணம் உண்டா. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொன்னால், உங்கள் பெயிண்ட் படங்களைக் காட்டி எந்த அறிகுறியை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். நடுவில் சரியாகவும் ஓரங்களில் விலகியும் விழும் படத்தைப் பார்த்த பின்னும் கண்ணாடி என்பவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள். மாற்றிய பழைய கண்ணாடியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இருப்பவர்கள் பெங்களூருக்கும், தருமபுரிக்காரர்கள் சேலத்துக்கும் மெஷினை அனுப்புவது வழக்கம். உதிரிபாகங்களுக்குப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் தேர்வு அதிகம். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை என்றால், மெஷினைப் பழுதுபார்க்க அனுப்பும்போது விற்பனை பில் போடாமல் டெலிவரி சலான் போட வேண்டும். அதில் மாடல், சீரியல் எண், மதிப்பு, "பழுதுபார்க்க மட்டும், விற்பனைக்கு அல்ல" என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதுங்கள். அத்திப்பள்ளி தாண்டினால் வேறு மாநிலம் என்பதால் அனுப்பும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும். ஒரே மெஷின் பெரும்பாலும் அந்த மதிப்பைத் தொடாது. இரண்டு மூன்று மெஷின்களைச் சேர்த்து அனுப்புபவர்கள் கவனிக்க வேண்டும்.

அனுப்பும் முன் பில்லிங் தரவின் நகலை எடுத்து, அது வேறு கணினியில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மே, ஜூன் மாம்பழ மாதங்களில் நெடுஞ்சாலைக் கடைகளில் கூட்டம் அதிகம். கண்ணாடி மாற்றும் வேலை இருந்தால் அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மெஷின் திரும்பி வந்ததும், கொண்டுவந்தவர் போவதற்குள் உங்கள் வாடிக்கையாளர் திரையையும் இணைத்து, ஒன்பது சிலுவைகளையும் தொட்டுப் பார்த்த பிறகே சலானில் கையெழுத்துப் போடுங்கள்.